தேதிக்கு முன்பே ‘முடியாது’ என்று சொல்லிவிட்டால்: ஒப்பந்தத்தில் ஏமாந்தவருக்கு என்ன வழி?

பெரம்பலூர் மாவட்டம் எறையூர் என்றதும் சர்க்கரை ஆலையும், சிப்காட் தொழிற்பூங்காவும் நினைவுக்கு வரும். ஆனால் அதைச் சுற்றியுள்ள மானாவாரி நிலங்களில் தை, மாசியில் கண்ணில் படுவது மக்காச்சோளம்தான். அறுவடைக்கு முன்பே விலை பேசி, முன்பணம் கொடுத்து, ‘இந்தத் தேதிக்கு இவ்வளவு டன்’ என்று முடித்துக்கொள்வது இந்த வியாபாரத்தில் சாதாரணம். விலை நிலையாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. விலை ஏறினால்தான் போன் வரும்.

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். எறையூர் அருகே ஓர் இளைஞர் சிறிய கால்நடைத் தீவன யூனிட் நடத்துகிறார். அரியலூர் பக்கத்து வியாபாரி ஒருவரிடம் 20 டன், அதாவது 200 குவிண்டால் மக்காச்சோளத்துக்கு நவம்பரில் எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் போடுகிறார். குவிண்டாலுக்கு 2,200 ரூபாய். மொத்தம் 4,40,000 ரூபாய். முன்பணம் 50,000. பிப்ரவரி 10-ம் தேதி சரக்கு எறையூர் யூனிட்டில் வந்து இறங்க வேண்டும்.

ஜனவரி 12-ம் தேதி வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வருகிறது: “தம்பி, தப்பா நினைக்காதீங்க. வெளியில ரேட்டு எங்கயோ போயிடுச்சு. அந்த ரேட்டுக்கு நம்மால லோடு அனுப்ப முடியாது. நீங்க வேற எடத்துல பாத்துக்கோங்க.”

சரக்கு வர வேண்டிய நாளுக்கு இன்னும் 29 நாள் இருக்கிறது. ஒப்பந்தம் இப்போதே முறிந்துவிட்டதா? இளைஞர் இன்றே நடவடிக்கை எடுக்கலாமா, அல்லது பிப்ரவரி 10 வரை பொறுத்திருக்க வேண்டுமா?

முறிவு எப்போது நடக்கிறது?

செய்ய வேண்டிய நாள் வருவதற்கு முன்பே ஒருவர் ‘செய்ய மாட்டேன்’ என்று சொல்வதை, அல்லது செய்யவே முடியாத நிலைக்குத் தன்னைக் கொண்டுபோய்விடுவதை, சட்டத்தில் ‘ஆன்டிசிபேட்டரி பிரீச்’ என்பார்கள். தமிழில் முன்கூட்டிய ஒப்பந்த முறிவு எனலாம்.

இது ஒரு வேலை வாய்ப்பு வழக்கில்தான் தெளிவாக நிலைபெற்றது. 1852 ஏப்ரலில் லண்டனில் ஹாக்ஸ்டர் என்பவரை, ஐரோப்பியப் பயணத்தில் உதவியாளராக வருமாறு டி லா டூர் என்பவர் நியமித்தார். ஜூன் 1-ம் தேதி வேலை தொடக்கம், மூன்று மாத வேலை. மே 11-ம் தேதி ‘நீங்கள் தேவையில்லை’ என்று தகவல் வந்தது. ஹாக்ஸ்டர் ஜூன் 1 வரை காத்திருக்கவில்லை; மே 22-ம் தேதியே வழக்குப் போட்டார். ‘வேலை தொடங்கும் நாளே வரவில்லை, அதற்குள் முறிவு எங்கே வந்தது’ என்று எதிர்த்தரப்பு கேட்டது. நீதிமன்றம் 1853-ல் ஹாக்ஸ்டர் பக்கம் நின்றது. வேலை இல்லை என்று தெரிந்த பிறகும் அவர் ஜூன் 1 வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதைவிட, உடனே வேறு வேலை தேடிக்கொள்ள விடுவதுதான் இருவருக்கும் நல்லது என்பது அந்தத் தீர்ப்பின் தர்க்கம்.

இந்தியாவில் இந்த விதி 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 39-வது பிரிவாக இருக்கிறது. ஒரு தரப்பு தன் வாக்குறுதியை முழுமையாக நிறைவேற்ற மறுத்தாலோ, நிறைவேற்ற முடியாதபடி தன்னை ஆக்கிக்கொண்டாலோ, மறுதரப்பு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். ஆனால் அதைத் தொடரச் சம்மதம் என்று சொல்லாலோ செயலாலோ காட்டியிருந்தால், அந்த உரிமை கிடையாது. சரக்கு வாங்கி விற்பதற்கு 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 60-வது பிரிவில் இதையே இன்னும் நேராகச் சொல்கிறது: டெலிவரி தேதிக்கு முன்பே ஒருவர் மறுத்தால், மற்றவர் ஒப்பந்தம் உயிரோடு இருப்பதாகக் கருதி அந்தத் தேதிவரை காத்திருக்கலாம், அல்லது ஒப்பந்தம் முடிந்ததாகக் கருதி நஷ்டஈடு கேட்கலாம்.

ஆக, எறையூர் இளைஞருக்கு முன்னால் இரண்டு கதவுகள். எதைத் திறப்பது என்பது அவர் விருப்பம், வியாபாரியின் விருப்பம் அல்ல. வியாபாரி ‘முடியாது’ என்று சொன்ன மாத்திரத்தில் ஒப்பந்தம் தானாக முடிந்துவிடுவதில்லை.

முதலில் ஒரு கேள்வி: அது உண்மையிலேயே மறுப்பா?

பலர் தவறுவது இந்த இடத்தில்தான். வருத்தமான செய்தி எல்லாமே மறுப்பு ஆகாது.

“பத்து நாள் முன்ன பின்ன ஆகும் தம்பி” என்பது தாமத எச்சரிக்கை. தேதி மிக முக்கியம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் ஒழிய, இதை முழு மறுப்பாக எடுத்துக்கொள்வது கடினம். “ரேட்டைக் கொஞ்சம் பாத்துப் போட்டுக் கொடுங்க” என்பது கோரிக்கை. கேட்பதற்கு யாருக்கும் உரிமை உண்டு, ஒத்துக்கொள்ளத்தான் கட்டாயம் இல்லை. “2,500 குடுத்தாத்தான் லோடு ஏறும்” என்பது வேறு. ஒப்புக்கொண்ட விலையில் தர மாட்டேன் என்பதே அதன் பொருள். நம் உதாரணத்தில் வந்த “அனுப்ப முடியாது, வேற எடத்துல பாத்துக்கோங்க” என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

‘முடியாதபடி தன்னை ஆக்கிக்கொள்வது’ என்பதற்கு நிலம் நல்ல உதாரணம். ஒரு குறிப்பிட்ட சர்வே எண் நிலத்தை உங்களுக்கு விற்பதாக ஒப்பந்தம் போட்டவர், அதே நிலத்தை இன்னொருவருக்குக் கிரயம் செய்துவிட்டால், வாயால் எதுவும் சொல்லாமலே அவர் மறுத்துவிட்டார். மக்காச்சோளம் அப்படியல்ல. வியாபாரி தன் குடோனில் இருந்ததை வேறொருவருக்கு விற்றாலும், பிப்ரவரி 10-க்குள் வெளியில் வாங்கி அனுப்ப அவரால் முடியும். அதனால் அந்த விற்பனை மட்டும் மறுப்பு ஆகாது.

சந்தேகமாக இருந்தால் என்ன செய்வது? எழுத்தில் கேட்பதுதான் வழி. ‘பிப்ரவரி 10 அன்று ஒப்பந்த விலையில் சரக்கு அனுப்புவீர்களா, மாட்டீர்களா என்று மூன்று நாளில் தெரிவியுங்கள்’ என்று அனுப்பலாம். பதில் வராதது மட்டுமே மறுப்பு என்று இந்தியச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் மற்ற சூழ்நிலைகளோடு சேர்த்துப் பார்க்கும்போது அந்த மௌனமும் ஒரு சான்றாகும். மறுப்பே இல்லாத இடத்தில் அவசரப்பட்டு ‘ஒப்பந்தம் கேன்சல்’ என்று அறிவித்தால், ஒப்பந்தத்தை முறித்தவர் என்ற பெயர் அப்படி அறிவித்தவர் தலையில் விழும். நஷ்டஈடு கேட்க வேண்டியவரே கொடுக்க வேண்டியவர் ஆகலாம்.

முதல் கதவு: ஏற்றுக்கொண்டு, முடித்துக்கொள்வது

மறுப்பு உறுதி என்றால், இளைஞர் அதை ஏற்றுக்கொண்டு ஒப்பந்தத்தை முடிக்கலாம். இதை மனதுக்குள் வைத்துக்கொள்வது போதாது. எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்க வேண்டும். வக்கீல் நோட்டீஸ்தான் வேண்டும் என்பதில்லை. விரைவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ இப்படி நான்கு வரி போதும்:

‘ஒப்பந்தப்படி 200 குவிண்டால் மக்காச்சோளம் அனுப்ப முடியாது என்று ஜனவரி 12 அன்று வாட்ஸ்அப்பில் தெரிவித்தீர்கள். உங்கள் மறுப்பை ஏற்று ஒப்பந்தத்தை இத்துடன் முடித்துக்கொள்கிறோம். தேவையான சரக்கை வெளியில் வாங்குகிறோம். முன்பணம் 50,000 ரூபாயையும், விலை வித்தியாசத்தையும் நீங்கள் தர வேண்டும்.’

ஜனவரி 15-ம் தேதி அவர் சந்தையில் விசாரிக்கிறார். குவிண்டால் 2,400 ரூபாய். 200 குவிண்டாலை 4,80,000 ரூபாய்க்கு வாங்குகிறார். ஒப்பந்தப்படி ஆகியிருக்க வேண்டிய செலவு 4,40,000. வித்தியாசம் 40,000 ரூபாய். அதுதான் அவருடைய நஷ்டம். முன்பணம் 50,000 தனியாகத் திரும்ப வர வேண்டும்.

அவர் ஜனவரியில் வாங்காமல் சும்மா இருந்து, பிப்ரவரி 10 அன்று விலை 2,600 ஆனதும் ‘எனக்கு 80,000 நஷ்டம்’ என்று கேட்டால் என்ன ஆகும்? நஷ்டஈட்டுக்கான 73-வது பிரிவின் விளக்கம் இங்கே குறுக்கே வரும். நஷ்டத்தைக் கணக்கிடும்போது, அதைத் தவிர்க்கக் கையில் இருந்த வழிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது அது. ஒப்பந்தத்தை முடித்துக்கொண்ட பிறகு, நியாயமான விலையில் சரக்கு கிடைத்தும் வாங்காமல் இருந்தால், அதனால் கூடிய நஷ்டத்தை எதிர்த்தரப்பின் மேல் ஏற்ற முடியாது.

எந்த ஊர் விலை என்பதும் முக்கியம். உச்ச நீதிமன்றத்தின் முரளிதர் சிரஞ்சிலால் வழக்கு (1962) இதற்கு நல்ல பாடம். கான்பூரிலிருந்து கல்கத்தாவுக்கு ரயிலில் அனுப்ப வேண்டிய கேன்வாஸ் துணி. 1947 ஆகஸ்ட் 5-க்குள் ரயில்வே ரசீதைக் கொடுக்க வேண்டும். விற்றவர் கொடுக்கவில்லை, புக்கிங் மூடிவிட்டதாகச் சொன்னார். வாங்கியவர் கல்கத்தா விலையை வைத்து நஷ்டக் கணக்குப் போட்டார். சரக்கை ஒப்படைக்க வேண்டிய இடம் கான்பூர். ஆகவே அன்றைய கான்பூர் விலைதான் அளவுகோல் என்றது நீதிமன்றம். கான்பூர் விலைக்கு அவரிடம் ஆதாரமே இல்லை. முறிவு நடந்தது உண்மை. நஷ்டத்தைச் சரியான இடத்து விலையோடு நிரூபிக்காததால் பணம் கிடைக்கவில்லை.

நம் உதாரணத்தில் சரக்கு எறையூரில் இறங்க வேண்டும். எனவே நாமக்கல் கோழிப்பண்ணை வட்டார விலையைக் காட்டிப் பயனில்லை. பெரம்பலூர் வட்டாரத்தின் அன்றைய விலைக்கு ஆதாரம் வேண்டும்: ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் விலைப் பட்டியல், இரண்டு மூன்று வியாபாரிகளின் எழுத்துப்பூர்வக் கொட்டேஷன், கடைசியில் வாங்கிய சரக்கின் பில்.

இரண்டாவது கதவு: காத்திருப்பது

இளைஞருக்கு அந்தச் சரக்கேதான் வேண்டும், அல்லது வியாபாரி மனம் மாறுவார் என்று நம்பிக்கை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். “ஒப்பந்தம் ஒப்பந்தம்தாண்ணே, பத்தாம் தேதி லோடு வரணும்” என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம். அப்படிச் செய்தால் ஒப்பந்தம் இருவருக்கும் உயிரோடு இருக்கிறது. அதன் நன்மையும் ஆபத்தும் இருவருக்குமே.

பிப்ரவரி 10 அன்றும் சரக்கு வராமல், விலை 2,600 ஆகியிருந்தால், நஷ்டம் குவிண்டாலுக்கு 400 வீதம் 80,000 ரூபாய். காத்திருந்ததால் தொகை கூடியிருக்கிறது. ஆனால் அறுவடைச் சரக்கு குவிந்து, அன்றைய விலை 2,150-க்கு இறங்கிவிட்டால்? ஒப்பந்த விலையைவிடக் குறைவாகவே சந்தையில் கிடைக்கும். விலை வித்தியாசம் என்று கேட்க ஒன்றுமில்லை. முன்பணம் மட்டும் திரும்பும். அல்லது விலை இறங்கியதும் அதே வியாபாரி “லோடு ஏத்திட்டேன் தம்பி” என்று வந்து நிற்கலாம். ஒப்பந்தம் உயிரோடு இருப்பதால், 2,150-க்குக் கிடைக்கும் சரக்கை 2,200-க்கு வாங்கித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு ஆபத்தை ஒரு கப்பல் வழக்கு காட்டுகிறது. 1850-களின் ஏவரி எதிர் பௌடன் வழக்கில், கருங்கடல் துறைமுகமான ஒடெசாவில் ஒரு கப்பல் சரக்கு ஏற்றக் காத்திருந்தது. ‘சரக்கு இல்லை, கிளம்பு’ என்று எதிர்த்தரப்பு ஏஜென்ட் பலமுறை சொன்னார். கேப்டன் அதை ஏற்காமல், குறித்த நாட்கள் முடியும்வரை நிற்கத் தீர்மானித்தார. அதற்குள் கிரிமியப் போர் மூண்டது. எதிரி நாட்டுத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுவது சட்டவிரோதம் ஆனது. ஒப்பந்தமே அதோடு முடிந்தது, நஷ்டஈடு கிடைக்கவில்லை. ‘கிளம்பு’ என்ற சொல்லை அன்றே ஏற்று ஒப்பந்தத்தை முடித்திருந்தால் வழக்கு வேறு மாதிரி இருந்திருக்கும்.

இன்றைக்கு இதைப் போருக்குப் பதில் ஓர் அரசுத் தடையாணையாக நினைத்துப் பாருங்கள். காத்திருக்கும் நாட்களில் ஒப்பந்தத்தையே நிறைவேற்ற முடியாதபடி ஏதாவது நடந்தால், மறுத்தவர் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.

காத்திருப்பவர் தன் பங்குக்கும் தயாராக இருக்க வேண்டும். மீதி 3,90,000 ரூபாய் பிப்ரவரி 10 அன்று கையில் அல்லது வங்கியில் இருப்பதைக் காட்ட முடிய வேண்டும். இல்லாவிட்டால், ‘நான் லோடு அனுப்பியிருந்தாலும் அவரிடம் பணம் இல்லை’ என்று வியாபாரி திருப்பிப் போடுவார்.

ஒருமுறை காத்திருந்தால் கடைசிவரை காத்திருந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. வியாபாரி பிப்ரவரி 1 அன்று மறுபடி ‘முடியவே முடியாது’ என்றால், அந்தப் புதிய மறுப்பை ஏற்று அன்று ஒப்பந்தத்தை முடிக்கலாம். ஜனவரி 12 மறுப்பைத்தான் அவர் தன் நடத்தையால் கடந்துபோய்விட்டார்.

நிலம் என்றால் கணக்கு வேறு

மக்காச்சோளம் எங்கும் கிடைக்கும். குறிப்பிட்ட மனை வேறெங்கும் கிடைக்காது. தொழிற்பூங்கா வரும் வட்டாரங்களில் நிலவிலை ஏறியதும் கிரய ஒப்பந்தத்திலிருந்து விற்பவர் நழுவப் பார்ப்பது நடக்கும் விஷயம். அப்போது வாங்குபவருக்குப் பணத்தைவிட அந்த நிலம்தான் வேண்டும். ‘ஒப்பந்தப்படி எழுதிக் கொடு’ என்று உத்தரவிடக் கோரலாம்.

ஆனால் இரண்டு கதவுகளிலும் ஒரே நேரத்தில் கால் வைக்க முடியாது. ஜவஹர்லால் வாத்வா வழக்கில் (1989) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. முன்கூட்டிய முறிவை ஏற்று ஒப்பந்தத்தை முடித்தால் நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லிக் கேட்க முடியாது. நிறைவேற்றச் சொல்லிக் கேட்க வேண்டுமென்றால் ஒப்பந்தத்தை உயிரோடு வைத்திருக்க வேண்டும். தான் எப்போதும் தயாராகவும் விருப்பத்தோடும் இருந்ததைக் காட்ட வேண்டும்.

அதனால் நில விஷயத்தில் கோபத்தில் ‘ஒப்பந்தம் கேன்சல், அட்வான்ஸைத் திருப்பிக் கொடு’ என்று ஒரு மெசேஜ் தட்டிவிடும் முன் யோசிக்க வேண்டும். பிறகு நிலமே வேண்டும் என்று வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு முதலில் காட்டப்போவது அந்த மெசேஜைத்தான்.

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்து, வேலை வராவிட்டால்?

ஹாக்ஸ்டர் கதை இன்று பலருக்கு நெருக்கமானது. சேரும் தேதிக்கு இரண்டு வாரம் முன்பு ‘ஆஃபரை வாபஸ் பெறுகிறோம்’ என்று மெயில் வருகிறது. பழைய வேலையை ஏற்கெனவே விட்டாயிற்று. ஏற்றுக்கொண்ட ஆஃபர் ஒப்பந்தம்தான். அதை வாபஸ் வாங்குவது முன்கூட்டிய முறிவுதான். ஆனால் ‘என்னை வேலையில் சேர்த்துக்கொள்’ என்று தனியார் நிறுவனத்தை நீதிமன்றம் பொதுவாகக் கட்டாயப்படுத்தாது. நஷ்டஈடும், ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் காலச் சம்பளத்தின் அளவுக்குப் பெரும்பாலும் சுருங்கிவிடும். ஹாக்ஸ்டரைப் போலவே, அடுத்த வேலையை உடனே தேடத் தொடங்குவதுதான் இங்கே சரியான நடவடிக்கை. தேடியதற்கான ஆதாரமும் வழக்கில் உதவும்.

எதைப் பத்திரப்படுத்துவது?

எல்லா வழியும் கடைசியில் மறுப்பை நிரூபிப்பதில் வந்து நிற்கிறது. வாய்ஸ் மெசேஜை டெலீட் செய்யக் கூடாது. அது வந்த போனை மாற்றினால் பழைய போனை வைத்திருப்பது நல்லது. மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தர, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். போனில் வாய்வழியாக மட்டும் மறுத்திருந்தால், அன்றே ‘இன்று காலை போனில் நீங்கள் சொன்னபடி...’ என்று ஒரு மெசேஜ் அனுப்பிவிட வேண்டும். அதற்கு அவர் அனுப்பும் பதில் சாட்சியாகும்.

வழக்குப் போட ஒப்பந்தம் முறிந்ததிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் மக்காச்சோள விலை மூன்று ஆண்டு காத்திருக்காது. மறுப்பு வந்த வாரத்திலேயே இரண்டில் ஒன்றை முடிவு செய்து எழுத்தில் தெரிவித்தவருக்கு, 40,000 ரூபாய் நஷ்டத்தை நிரூபிக்க ஒரு நோட்டீஸும், ஒரு விலைப் பட்டியலும், ஒரு பில்லும் போதும்.